தலைவர் ஒரு பொருளுக்கு மட்டும் ஒதுங்கினால் கூட்டக் குறிப்பில் என்ன எழுதுவது?

பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கூட்டக் குறிப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போன இரவு. மணி பதினொன்று இருக்கும். அன்றைய கூட்டத்துக்கு வராத செயலவை உறுப்பினர் ஒருவர் போன் போட்டார்.

"என்ன தம்பி, அண்ணன் ராஜினாமா பண்ணிட்டாரா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

அண்ணன் என்று அவர் சொன்னது எங்கள் சங்கத் தலைவரை. அவர் ராஜினாமா எதுவும் செய்யவில்லை. பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கூட்டம் நடக்கும். அன்று ஆறாவது பொருள் வந்தபோது தலைவர் எழுந்து, கீழே காப்பிக்கடையில் ஒரு தே ஓ வாங்கி வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் செயலாளராகிய நான் எழுதியது இது:

"பொருள் 6: ஆண்டு மலர் அச்சிடுதல். தலைவர் விலகியதால் துணைத் தலைவர் தலைமையில் பேசப்பட்டு ஒரு மனதாக ஏற்கப்பட்டது."

இந்த ஒரு வரியில் எத்தனை தவறு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. புதிதாகச் செயலாளர் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு இதையே பாடமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். சங்கத்தின் 25-ஆம் ஆண்டு மலர், 64 பக்கம், 300 பிரதிகள் அச்சடிக்க வேண்டும். மூன்று அச்சகங்களிடம் கொட்டேஷன் வாங்கியிருந்தோம். ஒன்று 5,400 வெள்ளி, இன்னொன்று 5,150, மூன்றாவது 4,950. குறைந்த விலை கொடுத்த மூன்றாவது அச்சகம் தலைவருடைய மனைவியின் தம்பிக்குச் சொந்தமானது. எந்த அச்சகம் என்று முடிவு செய்யும் இடத்தில் அந்த வீட்டு மாப்பிள்ளையே தலைமை நாற்காலியில் இருந்தால், யாரைப் பேசவிடுவது, எப்போது பேச்சை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போவது, சமமாக வந்தால் எந்தப் பக்கம் சாய்ப்பது, எல்லாம் அவர் கையில் இருக்கும். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. அதனால் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் அவர் நாற்காலியை விட்டுக்கொடுக்கிறார், துணைத் தலைவர் நடத்துகிறார், முடிந்ததும் தலைவர் திரும்பி வந்து ஏழாவது பொருளைத் தொடங்குகிறார்.

குறைந்த விலைதானே, இதில் ஒதுங்க என்ன இருக்கிறது என்று அன்று ஒருவர் கேட்டார். எது குறைந்த விலை என்று தெரியவருவதே கொட்டேஷன்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதானே? அதற்குள் பாதிப் பேச்சு முடிந்திருக்கும். விலை மட்டுமல்ல, தாளின் தரம், அட்டை, எத்தனை நாளில் தருவார்கள் என்று எல்லாவற்றையும் எடைபோட்டுப் பேசுகிற இடம் அது.

இப்போது அந்த வரிக்கு வருவோம். முதல் கோளாறு "விலகினார்" என்ற சொல். தமிழில் பதவியோடு சேர்ந்து இந்தச் சொல் வந்தாலே ராஜினாமாதான் நினைவுக்கு வரும். "தலைவர் விலகினார்" என்று படித்தால் யாரும் ஆறாவது பொருளை நினைக்கமாட்டார்கள். இதைத் தவிர்க்க "வெளியேறினார்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். சண்டை போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்தார் என்று அர்த்தம் வரும். "கூட்டத்தில் கலந்துகொள்ளவில்லை" என்பதும் சரியில்லை, அவர் வந்திருந்தார், வருகைப் பட்டியலில் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நான் இப்போது எழுதுவது இப்படி: "இப்பொருளுக்கு மட்டும் தலைமைப் பொறுப்பைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்தார்." நீளம்தான், ஆனால் "மட்டும்" என்ற அந்த ஒரு சொல்லும் "ஒப்படைத்தார்" என்ற வினையும் இருந்தால் யாரும் நள்ளிரவில் போன் போடமாட்டார்கள்.

மலாயில் குறிப்பு எழுதும் சங்கங்களுக்கும் இதே வம்பு உண்டு. "மெனாரிக் டிரி" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், எந்தப் பெர்காராவுக்குத் தலைமை தாங்குவதிலிருந்து ஒதுங்கினார் என்பதையும் சேர்த்துவிட வேண்டும். இன்னொன்று, துணைத் தலைவர், உதவித் தலைவர் என்று இரண்டு பதவிகளும் நம் சங்கங்கள் பலவற்றில் இருக்கின்றன. மலாய்க் குறிப்பில் ஒருவரைத் "திம்பாலான்" என்றும் இன்னொருவரை "நாயிப்" என்றும் எழுதுவோம். யார் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதை உங்கள் சட்டவிதியில் அந்தப் பதவிக்கு உள்ள பெயராலேயே எழுதுங்கள். தமிழில் ஒரு பெயர், மலாயில் வேறொரு பதவி என்று ஆகிவிட்டால், நாற்காலியில் இருந்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்ற கேள்வி தேவையில்லாமல் முளைக்கும்.

இரண்டாவது கோளாறு, காரணம் இல்லை. ஏன் ஒதுங்கினார்? என் வரியில் பதில் கிடையாது. இது பெரிய குறை, ஏனென்றால் காரணம் எழுதப்படாத இடத்தில் படிக்கிறவர் தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வார். உடம்பு சரியில்லையா, கோபமா, பணத்தில் ஏதாவது தப்பா?

"முரண்பாடு காரணமாக" என்று எழுதுவது காரணம் எழுதியதாகாது. யாரோடு யாருக்கு முரண்பாடு? சிலர் "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று எழுதுவார்கள், அதைப் படித்தால் வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கும். எழுத வேண்டியது உறவை, அல்லது பணத் தொடர்பை, நேராக. இதில் நம் மொழியில் ஒரு கண்ணி இருக்கிறது. "மைத்துனர்" என்றால் மனைவியின் சகோதரர் என்றும் கொள்ளலாம், அக்காள் கணவர் என்றும் கொள்ளலாம். "மச்சான்" என்றால் கேட்கவே வேண்டாம், பட்டர்வொர்த் படகுத்துறையில் நின்று மச்சான் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "உறவினர்" என்பது அதைவிட மொட்டை. "மனைவியின் தம்பி" என்று எழுதினால் இரண்டாவது கேள்வி எழாது.

தலைவர் சொன்னதைத் தலைவர் சொன்னதாகவே எழுத வேண்டும் என்பதும் இங்கே முக்கியம். எங்கள் தலைவர் அன்று, "அந்தக் கடையில எனக்குப் பங்கு ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னார். செயலாளர் அதை ஆராய்ந்து பார்த்தவர் அல்ல. ஆகவே "தலைவருக்கு அந்த அச்சகத்தில் பங்கு இல்லை" என்று எழுதக்கூடாது. "தமக்குப் பங்கு இல்லை எனத் தலைவர் தெரிவித்தார்" என்று எழுத வேண்டும். நாளை அது பொய்யென்று தெரிந்தால், பொய் சொன்னவர் தலைவர் என்று குறிப்பு காட்டும். முதல் மாதிரி எழுதியிருந்தால் குறிப்பே பொய்யாகிவிடும். அதே சமயம் புகழாரமும் வேண்டாம். "நேர்மையின் சின்னமான நமது தலைவர் பெருந்தன்மையோடு" என்று ஒரு சங்கத்தின் குறிப்பில் படித்திருக்கிறேன். வரவேற்புரைக்குப் பொருந்தும், கூட்டக் குறிப்புக்குப் பொருந்தாது.

எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். பேச்சு தொடங்குமுன் சொல்லி எழுந்துவிட்டால் சிக்கலே இல்லை. சில நேரம் உறையைப் பிரித்துப் பெயரைப் பார்த்த பிறகுதான் "அட, இது நம்ம பையன் கடையாச்சே" என்று தெரியவரும். அப்படியானால் பேச்சு தொடங்கிய பிறகு, கொட்டேஷன்கள் வாசிக்கப்பட்டபோது, தலைவர் இதைத் தெரிவித்தார் என்று உள்ளபடி எழுதுங்கள். அதுவரை அவர் ஏதாவது கருத்துச் சொல்லியிருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. முதலிலேயே எழுந்துவிட்டதுபோல் மாற்றி எழுதுவதுதான் ஆபத்து, அங்கே இருந்த ஏழு பேருக்கும் உண்மை தெரியும்.

மூன்றாவது கோளாறு எனக்கே வெட்கமானது. "ஒரு மனதாக" என்று எழுதியிருந்தேனே, அது நடக்கவே இல்லை. வாக்கு சமமாகப் பிரிந்தது. பழக்கதோஷத்தில் கை தானாக எழுதிவிட்டது.

அந்தச் சமநிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் நிஜமான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எங்கள் செயலவையில் 11 பேர். அன்று வந்தவர்கள் 8 பேர். தலைவர் கீழே போனதும் 7 பேர். துணைத் தலைவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் அவர் டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்தவர் முதலில் வாக்களிக்கவில்லை. மீதி ஆறு பேரில் மூன்று பேர் குறைந்த விலைக்கே கொடுக்கலாம் என்றார்கள். மூன்று பேர், காசு கூடினாலும் பரவாயில்லை, சொந்தக்காரருக்குக் கொடுத்தால் ஊர் பேசும் என்றார்கள். மூன்றுக்கு மூன்று.

உடனே ஒருவர் ஜன்னல் பக்கம் போனார். "தலைவரைக் கூப்பிடுங்க, அவருதானே தீர்ப்பு ஓட்டு போடணும்!"

டீச்சர் அவரைக் கையமர்த்தினார். "அவரு எதுக்கு கீழ போனாருன்னு மறந்துட்டீங்களா? உக்காருங்க."

அவர் சொன்னது சரி. பல சங்கங்களின் சட்டவிதியில், வாக்கு சமமானால் தீர்மானிக்கும் வாக்கு தலைவருக்கு என்று இருக்கும். அதே விதியில், தலைவர் இல்லாதபோது துணைத் தலைவர் அவருடைய பணியைச் செய்வார் என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்த நேரத்தில் கூட்டத்தை நடத்துகிறவரிடம்தான் அந்த வாக்கு இருக்கிறது. ஒதுங்கிய தலைவரைக் கூப்பிட்டு அந்த ஒரு வாக்கைப் போடச் சொன்னால், அவர் ஒதுங்கியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். முழுக் கூட்டத்திலும் மிகக் கனமான வாக்கு அதுதானே.

இந்த இடத்தில் குறிப்பு எழுதுகிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது. "தலைவர் இல்லாதபோது" என்பது கூட்டத்துக்கே வராததைத்தான் குறிக்கும், காப்பிக்கடையில் இருந்தால் குறிக்காது என்று பின்னால் யாராவது வாதாடலாம். தலைவர் அறையை விட்டு வெளியே போனார் என்ற வரி குறிப்பில் இருந்தால் அந்த வாதம் வலுவிழக்கும், அந்தப் பொருளின்போது அவர் அறையில் இல்லை என்பது எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை நான் விரும்புவதில்லை. பேசாமல் இருந்தாலும் முகம் பேசும். அப்படியும் உள்ளேயே இருந்தால், "அறையிலேயே இருந்தார், விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டும் வேறு வேறு நிலைமைகள், ஒன்றை எழுதி மற்றொன்றை நினைத்துக்கொள்ளக்கூடாது.

வெளியே அனுப்புவதற்கு ஒரு விலை உண்டு, அது கோரம். எங்கள் விதிப்படி செயலவையில் பாதிக்குக் குறையாதவர்கள் இருக்க வேண்டும். 11-இல் பாதி ஐந்தரை, ஆகவே ஆறு பேர். அன்று ஏழு பேர் இருந்ததால் தப்பித்தோம். வந்ததே ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைவர் எழுந்து போனால் ஐந்து. அந்தப் பொருளில் எடுக்கும் முடிவு நிற்குமா என்பதே கேள்வியாகிவிடும். அப்படிப்பட்ட நாளில் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிடுவதுதான் நல்லது. சிலர் கம்பெனிச் சட்டத்தைக் காட்டுவார்கள். 2016-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 222-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் தொடர்புள்ள இயக்குநரைக் கோரத்துக்காக மட்டும் எண்ணிக்கொள்ளலாம், ஆனால் அவர் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவோ வாக்களிக்கவோ கூடாது என்று இருக்கிறது. அது கம்பெனிகளின் இயக்குநர் கூட்டத்துக்கு உள்ள விதி. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிந்த ஒரு கோயில் நிர்வாகமோ தமிழ்ச் சங்கமோ தன்னுடைய சட்டவிதியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே அப்படி ஒரு சலுகை எழுதியிருக்காவிட்டால், இருப்பதாக நினைத்துக்கொள்ள முடியாது.

சரி, டீச்சர் என்ன செய்தார்? மூன்று கொட்டேஷனிலும் தாளும் பக்கமும் பிரதிகளும் ஒரே மாதிரிதானா என்று இன்னொரு தடவை பொருளாளரைச் சரிபார்க்கச் சொன்னார். ஒன்றே என்று தெரிந்ததும், குறைந்த விலைக்குத் தன் வாக்கைப் போட்டார். இதைத்தான் நான் "ஒரு மனதாக" என்று எழுதியிருந்தேன்!

அந்த வாரமே டீச்சர் என்னை ஒரு கடைக்கு வரச்சொல்லி, மீ கோரெங் தட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பழைய வரியை அடித்துத் திருத்தினார். சிவப்புப் பேனா, பள்ளிக்கூடத்துப் பழக்கம். அன்று அவரோடு உட்கார்ந்து எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

> பொருள் 6: 25-ஆம் ஆண்டு மலர் அச்சிடுதல்
>
> 6.1 இரவு மணி 8.40. இப்பொருள் தொடங்குமுன், கொட்டேஷன் கொடுத்த மூன்று அச்சகங்களில் ஒன்றின் உரிமையாளர் தமது மனைவியின் தம்பி எனத் தலைவர் தெரிவித்தார். அந்த அச்சகத்தில் தமக்குப் பங்கு இல்லை எனவும் தெரிவித்தார்.
>
> 6.2 இக்காரணத்தால், இப்பொருளுக்கு மட்டும் தலைமைப் பொறுப்பைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்துத் தலைவர் அறைக்கு வெளியே சென்றார். துணைத் தலைவர் தலைமை ஏற்றார். அறையில் இருந்த செயலவையினர் 7 பேர். கோரம் இருந்தது.
>
> 6.3 பொருளாளர் மூன்று கொட்டேஷன்களையும் (5,400, 5,150, 4,950 வெள்ளி) வாசித்தார். மூன்றும் 64 பக்கம், 300 பிரதிகள், ஒரே வகைத் தாளுக்கு உரியவை எனச் சரிபார்க்கப்பட்டது. 4,950 வெள்ளி விலை கொடுத்தது 6.1-இல் குறிப்பிட்ட அச்சகம்.
>
> 6.4 அந்த 4,950 வெள்ளி கொட்டேஷனை ஏற்கும் தீர்மானம் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. ஆதரவு 3, எதிர்ப்பு 3. கூட்டத்தை நடத்திய துணைத் தலைவர் தீர்மானிக்கும் வாக்கை ஆதரவாக அளித்தார். தீர்மானம் நிறைவேறியது. பிரதிகள் ஒப்படைக்கப்பட்டபின் அத்தொகையைச் செலுத்தவும் ஒப்புதல் அளிக்கப்பட்டது.
>
> 6.5 இரவு மணி 9.02. தலைவர் அறைக்குத் திரும்பினார். துணைத் தலைவர் முடிவை அவருக்குத் தெரிவித்தார். பொருள் 7 முதல் தலைவர் மீண்டும் தலைமை தாங்கினார்.

முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரை நான் இங்கே விட்டுவிட்டேன், உங்கள் குறிப்பில் எழுதுங்கள். அந்த இரண்டு பெயரில் தலைவருடையது வந்துவிடக்கூடாது. நான் ஒரு தடவை பார்த்தேன், முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டுவந்த குறிப்பில் முன்மொழிந்தவர் என்று தலைவரின் பெயரே இருந்தது. மனிதர் அறையிலேயே இல்லை.

6.5 என்ற அந்தக் கடைசிப் பத்தியைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். எழுந்து போனதை எழுதுவார்கள், திரும்பி வந்ததை எழுதமாட்டார்கள். அப்படி விட்டால் ஏழாவது பொருளிலிருந்து கூட்டம் முடியும்வரை யார் நடத்தினார் என்பது தெரியாது. சில நேரம் தலைவர் திரும்பி வராமல் வீட்டுக்கே போய்விடுவதும் உண்டு. அப்போது மீதிக் கூட்டத்துக்கும் துணைத் தலைவரே தலைமை தாங்கினார் என்று அந்த இடத்திலேயே எழுத வேண்டும்.

இந்த விவரங்கள் எல்லாம் ஆறாவது பொருளின் கீழேயே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். குறிப்பின் தலைப்பில் "தலைமை: தலைவர்" என்று வழக்கம்போலவே இருக்கும், அதை மாற்ற வேண்டியதில்லை. மேலே "தலைமை: தலைவர் மற்றும் துணைத் தலைவர்" என்று எழுதிவிட்டுக் கீழே ஒன்றும் சொல்லாமல் விடுவது எதற்கும் உதவாது, எந்த நேரத்தில் யார் என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

சொந்தக்காரர் விவகாரம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தீர்மானத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ தலைவரே காரசாரமாகப் பேச விரும்பலாம். அதற்காகவும் நாற்காலியைக் கொடுப்பதுண்டு. இங்கே காரணம் வேறு என்பதால் வரியும் வேறு: அவர் வெளியே போகமாட்டார், சாதாரண உறுப்பினராக உட்கார்ந்து பேசுவார், வாக்கும் போடலாம். "இத்தீர்மானத்தின் மீது பேச விரும்பியதால்" என்று காரணத்தை எழுதினால் போதும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட விதிகளைப் பல சங்கங்கள் வழிகாட்டியாக வைத்திருக்கின்றன. இன்று அந்த விதிகளின்படி, பேசுவதற்காக இறங்கிய தலைவர் அந்தத் தீர்மானம் முடியும்வரை நாற்காலிக்குத் திரும்பக்கூடாது. பேசி முடித்ததும் எழுந்துபோய் மறுபடி உட்கார்ந்துகொண்டு வாக்கெடுப்பை நடத்துவது நடுநிலையாக இருக்காது என்பதால்தான்.

தலைவர் மேல் வந்த புகாரையோ தலைவருக்குப் பொன்னாடை போர்த்தும் யோசனையையோ பேசும்போதும் இதே கதைதான். தொண்டை கட்டிக்கொண்டதால் அரை மணி நேரம் துணைத் தலைவரை நடத்தச் சொன்னால் அதையும் அப்படியே எழுதலாம், "தொண்டை வலி காரணமாக" என்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பொதுக்கூட்டத் தேர்தலில் நம் சங்கங்கள் பெரும்பாலும் தனியாக ஒரு தேர்தல் அதிகாரியை நியமித்துவிடுகின்றன, அது வேறு ஏற்பாடு, அதைத் துணைத் தலைவர் தலைமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் இன்னும் இரண்டு காரியம் பாக்கி. குறிப்பை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடுவது தலைவர். தான் இல்லாத இருபது நிமிடத்துக்கும் அவர் எப்படிக் கையெழுத்துப் போடலாம் என்று எங்கள் கூட்டத்தில் கேள்வி வந்தது. அந்தக் கையெழுத்துக்கு, இந்தக் குறிப்பு சரியென்று கூட்டம் ஏற்றுக்கொண்டது என்பதுதான் அர்த்தம். எல்லாவற்றையும் நானே கண்ணால் பார்த்தேன் என்று அர்த்தமில்லை. ஆகவே போடலாம். நாங்கள் கூடுதலாக, ஆறாவது பொருள் உள்ள பக்கத்தின் ஓரத்தில் டீச்சரிடமும் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டோம். கட்டாயமில்லை, ஆனால் பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் யாராவது பிரதி எடுத்துக் கேட்டால் உதவியாக இருக்கும். யாராவது ஆறாவது பொருளில் திருத்தம் கேட்டால் மட்டும், அந்தத் திருத்தத்தைப் பேசி முடிக்கும்வரை நாற்காலி மறுபடி துணைத் தலைவரிடம் போக வேண்டும், அதுவும் அன்றைய குறிப்பில் ஏற வேண்டும்.

இரண்டாவது, காசோலை. எங்கள் விதிப்படி தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்துதான் செக்கில் கையெழுத்துப் போட வேண்டும். ஒதுங்கிய தலைவர், தன் மனைவியின் தம்பி கடைக்குப் போகும் 4,950 வெள்ளி செக்கில் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்குமா என்று பொருளாளர் தயங்கினார். 6.4-இன் கடைசி வரி அதற்காகத்தான். தொகையையும், எப்போது கொடுப்பது என்பதையும் அவர் இல்லாத கூட்டமே முடிவு செய்துவிட்டது. செக்கில் அவர் போடுவது அந்த முடிவை நிறைவேற்றும் கையெழுத்து, புதிதாகத் தீர்மானிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பொருளாளர் செக்கின் அடிக்கட்டையில் கூட்டத் தேதியையும் "6.4" என்ற எண்ணையும் குறித்து வைத்தார். மலர் வந்தது. 300-ஐயும் எண்ணி எடுத்துக்கொண்டுதான் செக்கைக் கொடுத்தார்.